தண்ணீர் எங்கே நிற்கவில்லை?

நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் மேசை போட்டு மனு எழுதிப் பிழைத்தவன் நான். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, பிறப்புச் சான்றிதழில் பெயர்த் திருத்தம் என்று எல்லாமே எழுதியிருக்கிறேன். அவையெல்லாம் தனி ஆள் மனுக்கள். முப்பது வருஷத்துக்கு மேலான இந்தத் தொழிலில், ஒரு தெருவே திரண்டு வந்து கேட்ட மனு என்றால் அது பெரும்பாலும் சாக்கடை அடைப்பாகத்தான் இருந்தது. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் தாள் வைத்து அடித்த காலத்திலும் அதுதான், கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதுதான்.

வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுவார்கள். "சாக்கடை நிரம்பி வழியுது சார், கொசு தாங்கல, பிள்ளைங்களுக்கு மாத்தி மாத்திக் காய்ச்சல். நல்லா உறைக்கிற மாதிரி ஒரு மனு எழுதுங்க." உறைக்கிற மாதிரி எழுதுவதற்கு ஒரு பத்து நிமிஷம் போதும். ஆனால் நான் பேனாவை எடுக்காமல் ஒரு கேள்வி கேட்பேன். "தண்ணி எங்கே நிக்குதுன்னு சொன்னீங்க. எங்கே நிக்கலை?"

முதலில் யாருக்கும் புரியாது. அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிற தண்ணீர்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அடைப்பு அங்கே இருக்காது. அடைப்புக்கு மேல்பக்கம் கால்வாய் நிரம்பி நிற்கும், கீழ்ப்பக்கம் காய்ந்து கிடக்கும். நிரம்பி நிற்கிற கடைசி வீட்டுக்கும் காய்ந்து கிடக்கிற முதல் வீட்டுக்கும் நடுவில்தான் கோளாறு. சில தெருக்களில் அந்த இடைவெளி இருபது அடிதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் தேவையில்லை, வாட்டம் போகிற திசையில் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். அந்த நடை நடக்காமல் எழுதிய மனு, "தெரு முழுவதும் சாக்கடை அடைத்துள்ளது" என்றுதான் இருக்கும். அப்படி எழுதினால் தெரு முழுவதும் ஒருநாள் மண்வெட்டி போட்டு அள்ளுவார்கள். அடைத்த இடம் அப்படியே இருக்கும்.

ஏன் அப்படி ஆகிறது என்று தெரிய, மனு உள்ளே போனபின் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். தபால் பிரிவில் மனுவுக்கு ஒரு எண் விழும். அங்கிருந்து அது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று முடிவாகும். அதை முடிவு செய்கிறவர் மனுவை முழுதாகப் படிக்கும் அளவுக்கு நேரம் உள்ளவர் அல்ல. 'பொருள்' என்று எழுதியிருக்கும் ஒரு வரியைப் பார்ப்பார். சாக்கடை, அடைப்பு, கொசு என்ற வார்த்தைகள் இருந்தால் அது சுகாதாரப் பிரிவுக்குப் போகும். துப்புரவு ஆய்வாளர் மேஸ்திரியைக் கூப்பிடுவார், மேஸ்திரி நாலு ஆட்களை அனுப்புவார், அவர்கள் திறந்த கால்வாயில் எட்டுகிற வரைக்கும் அள்ளிக் கரையில் போடுவார்கள். "அடைப்பு அகற்றப்பட்டது" என்று கோப்பில் குறிப்பு எழுதப்படும். அத்தோடு அந்த மனு முடிந்தது. அந்தக் குறிப்பில் பொய் எதுவும் இல்லை. அன்றைக்கு அள்ளியது உண்மை.

மறுபடி அடைத்துக்கொண்டு நீங்கள் இன்னொரு மனு கொடுத்தால் அதற்குப் புது எண் விழும். பழைய மனுவுக்கும் இதற்கும் தொடர்பே இருக்காது. பத்து மனு கொடுத்திருந்தால் பத்தும் தீர்க்கப்பட்ட மனுக்களாகவே கணக்கில் நிற்கும். கரையில் போட்ட சேறு காய்ந்து, அடுத்த மழையிலோ காற்றிலோ அதே கால்வாய்க்குள் திரும்ப இறங்கியிருக்கும்.

அள்ளித் தீர்கிற அடைப்பு சுகாதாரப் பிரிவின் வேலை. உடைத்துக் கட்டித் தீர்க்க வேண்டிய அடைப்பு பொறியியல் பிரிவின் வேலை. முதலாவதற்கு ஆள் போதும். இரண்டாவதற்குத் தள ஆய்வு, மதிப்பீடு, நிதி, டெண்டர் எல்லாம் வேண்டும். ஒரு மனுவை முதல் மேசையிலிருந்து இரண்டாவது மேசைக்கு நகர்த்துவதுதான் என் தொழிலில் கடினமான பகுதி. அதை நகர்த்துகிற சக்தி தேதிகளுக்குத்தான் உண்டு என்பதை எனக்கு நன்றாகக் காட்டியது 2018-இல் வந்த ஒரு தெரு.

டெல்டா பக்கத்துச் சிறிய நகராட்சி அது. நாற்பது வீடு இருக்கும். ஏற்கெனவே மூன்று மனு கொடுத்து, மூன்றும் தீர்க்கப்பட்டதாகப் பதில் வாங்கியவர்கள். அவர்களோடு வந்தவர்களில் வாசலில் தையல் மிஷின் போட்டிருந்த ஓர் அம்மா இருந்தார். நாள் முழுக்கத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர். அவர் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஜாக்கெட் அளவு எழுதுகிற நோட்டின் பின்பக்கம்.

"எதுக்கும் இருக்கட்டும்னு எழுதி வச்சேன் அண்ணே. உபயோகப்படுமான்னு தெரியல."

ஜூலை 4, காலையில் சாக்கடை அள்ளினார்கள். ஜூலை 10, கால்வாய் விளிம்பு வரை தண்ணீர், மழை இல்லை. ஜூலை 19, அள்ளினார்கள். ஜூலை 22, இரவு மழை. ஜூலை 26, எங்கள் வீட்டு முதல் படிக்கட்டு நனைந்தது. ஆகஸ்ட் 8, அள்ளினார்கள். ஆகஸ்ட் 14, மறுபடி விளிம்பு வரை, மழை இல்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தார். கோபமோ புலம்பலோ அதில் ஒரு வார்த்தை கிடையாது.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு மனு கிடைத்துவிட்டது. அள்ளிய ஆறாம் நாள், ஏழாம் நாள், ஆறாம் நாள். இரண்டு முறை மழையே இல்லை. குப்பை போடுவதாலும் மழையாலும் வருகிற அடைப்பு இப்படி நாள் கணக்கு வைத்துக்கொண்டு வராது. வீடுகளிலிருந்து வருகிற தண்ணீர் எங்கோ ஓரிடத்தில் வெளியேற முடியாமல் பின்வாங்கி, கால்வாயின் கொள்ளளவு நிரம்ப ஆறு நாள் ஆகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அள்ளுகிறவர்கள் கால்வாயைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள், அடைப்பைத் தொடவில்லை. மழை பெய்த அந்த இரவையும் அவர் மறைக்காமல் எழுதியிருந்தது எனக்குப் பெரிய உதவி. வசதியான நாட்களை மட்டும் எழுதி, வசதியில்லாததை விட்டுவிட்ட குறிப்பேடு என்றால் முதல் கேள்வியிலேயே அது அடிபட்டுப் போகும்.

அன்று மாலை தெருவுக்குப் போய் வாட்டத்தோடு நடந்தோம். தெரு முனையில் கால்வாய் பெரிய சாலைக்குக் குறுக்கே ஒரு சிறுபாலத்தின் அடியில் நுழைகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் கறுப்புத் தண்ணீர் தளும்பி நின்றது. அந்தப் பக்கம் கால்வாயின் தரையில் வெடிப்பு விட்ட சேறு. ஒரு பையன் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான். பாலத்தின் வாயில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குறுக்காக ஒரு குடிநீர்க் குழாய் ஓடியது. அதில் பாலிதீன் பை, கிழிந்த துணி, தேங்காய் நார் எல்லாம் சுற்றிச் சுற்றி அடைந்து, ஒரு கதவு சாத்தியதுபோல் இருந்தது. மண்வெட்டி அதுவரை எட்டாது. எட்டினாலும் குழாய் அங்கே இருக்கிறவரை அடுத்த வாரம் மறுபடி சேரும்.

நடந்து வரும்போதே இன்னொன்றும் கண்ணில் பட்டது. முனையிலிருந்து மூன்றாவது வீட்டுக்காரர் கார் ஏறுவதற்காகக் கால்வாய் மேல் பன்னிரண்டு அடி நீளத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டிருந்தார். கீழே அள்ள வழியே இல்லை. கையெழுத்துப் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். தெருவில் கௌரவமான மனிதர், அவர்தான் முன்னின்று எல்லோரையும் கூட்டி வந்தவர். மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசத் தயங்கினார்கள். நான் அவரிடமே சொன்னேன். "ஐயா, ஆய்வுக்கு வர்றவர் முதல்ல இதைத்தான் பார்ப்பார். பொதுமக்களே ஆக்கிரமிச்சு அடைச்சிருக்காங்கன்னு ஒரு வரி எழுதிட்டா நாற்பது வீட்டு மனுவும் அதோட முடிஞ்சிரும்." அவருக்கு முகம் சுருங்கியது. இரண்டு நாள் கழித்து, தளத்தில் நடுவே இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, தூக்கி எடுக்கிற மாதிரி மூடி போட்டுவிட்டதாக ஆள் அனுப்பிச் சொன்னார். அதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்தேன். எதிர்த்தரப்பு சொல்லப்போகிற பதிலை நாமே முன்கூட்டிச் சொல்லி, அதைச் சரிசெய்தும் விட்டோம் என்று எழுதியிருந்தால் ஆய்வாளருக்கு அடுத்த இடத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

கையெழுத்து என்றால் எத்தனை என்பதுதான் எல்லோருக்கும் கணக்கு. நூறு கையெழுத்து, இருநூறு கையெழுத்து என்று பக்கத்துத் தெருவிலும் டீக்கடையிலும் வாங்கி வருவார்கள். அலுவலகத்தில் யாரும் அதை எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை. அவர்கள் பார்ப்பது வேறு. ஒரே கையெழுத்தில் நாலு பெயர் இருக்கிறதா, முகவரி இருக்கிறதா, நேரில் போனால் "ஆமாம், நான்தான் போட்டேன்" என்று சொல்ல ஆள் இருக்கிறாரா. முதல் மூன்று பேரில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டு, அவர் "எனக்கு என்னன்னு தெரியாது, போடச் சொன்னாங்க போட்டேன்" என்று சொன்னால் மீதி எல்லாமே மதிப்பிழந்து போகும்.

அதனால் வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதும் என்பேன். பெயர், பழைய கதவு எண், புதிய கதவு எண், கையெழுத்து, போட்ட தேதி. இந்த ஐந்துக்கும் கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் மனுவின் பொருள் வரி முழுதாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் வாங்கிய கையெழுத்தை எந்த மனுவோடும் சேர்த்துத் தைக்கலாம் என்பது அலுவலகத்துக்கும் தெரியும், கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும். கைநாட்டு வைக்கிறவர் என்றால் பக்கத்தில் அவர் பெயரை எழுதி, மனுவைப் படித்துக் காட்டியவர் யார் என்று அவரும் கையெழுத்துப் போட வேண்டும். செல்போன் எண் இரண்டு மூன்று பேருடையது போதும். எல்லோருடைய எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஊர் சுற்ற விடுவது சரியில்லை, குறிப்பாகப் பெண்களின் எண்களை.

வாடகைக்கு இருக்கிறவர்கள் பயப்படுவார்கள், வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று. அரசு வேலையில் இருப்பவர்களும் தயங்குவார்கள். அவர்களை நான் வற்புறுத்தவிட்டதில்லை. அந்த வீட்டு எண்ணை விட்டுவிட்டு மேலே போகச் சொல்வேன். தண்ணீர் வாசலில் நிற்கிற வீட்டிலிருந்து பதினைந்து உண்மையான கையெழுத்து இருந்தால், அது ஊர்க்கோடியிலிருந்து வந்த நூற்றைம்பதைவிட வலுவானது. அந்தத் தெருவில் முப்பத்தொரு வீடு போட்டது.

புகைப்படத்தில்தான் என் காலத்தில் எவ்வளவோ மாறிவிட்டது. தொண்ணூறுகளில் படம் வேண்டும் என்றால் ஸ்டூடியோக்காரரை அழைத்து வர வேண்டும். படத்தில் தேதி தெரிய வேண்டும் என்பதற்காக அன்றைய செய்தித்தாளின் முதல் பக்கத்தை ஒருவர் கால்வாய் பக்கத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த நாளுக்கு முன்னால் எடுத்த படம் அல்ல என்பதற்காவது அது சாட்சி. இப்போது எல்லோர் கையிலும் கேமரா. தேதி, நேரம், இடம் எல்லாம் படத்தின் கீழேயே விழுகிற செயலிகளும் வந்துவிட்டன. ஆனால் வருகிற படங்களில் பாதி பயன்படாது. கறுப்புத் தண்ணீரை நெருக்கமாக எடுத்திருப்பார்கள், அது எந்த ஊர்ச் சாக்கடையாகவும் இருக்கலாம். படத்துக்குள் கதவு எண்ணோ மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணோ கட்டாயம் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் எடுக்க வேண்டும். அள்ளிய அன்று ஒரு படம், மூன்றாம் நாள் ஒரு படம், ஆறாம் நாள் ஒரு படம் என்று வரிசையாக வைத்தால் விளக்கமே தேவைப்படாது. அந்தத் தெருப் பையன்கள் கால்வாய்ச் சுவரில் அரை அடிக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டார்கள். தண்ணீர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்பது படத்திலேயே தெரிந்தது. இன்னொரு விஷயம், வாட்ஸப்பில் அனுப்பினால் படத்துக்குள் பதிந்திருக்கும் தேதி விவரங்கள் பொதுவாக அழிந்துவிடும். எடுத்த போனில் மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

மனு ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. பொருள் வரியில் சாக்கடை, கொசு என்ற வார்த்தைகளையே தவிர்த்தேன்.

"பொருள்: தெரு முனைச் சிறுபாலத்தினுள் குறுக்கே செல்லும் குடிநீர்க் குழாயால் கழிவுநீர்க் கால்வாய் அடைபடுதல் – குழாயை மாற்றி அமைத்து, பாலத்தின் முகப்பில் மண் தேங்கும் தொட்டியும் கம்பித் தடுப்பும் அமைக்கக் கோருதல் – தொடர்பாக."

இதைப் படிக்கிற தபால் பிரிவுக்காரர் பொறியியல் பிரிவு என்று எழுதாமல் இருக்க முடியாது. 'பார்வை' என்ற இடத்தில் முந்தைய மூன்று மனுக்களின் எண்ணும் தேதியும். இப்படி எழுதினால்தான் அந்த மூன்றும் இதோடு கட்டுப்படும், தீர்ந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட விஷயம் தீரவில்லை என்பது கோப்பிலேயே ஏறும். அடுத்து அம்மாவின் தேதிகள், ஒரு சின்ன அட்டவணையாக. அதன் கீழே ஒரே ஒரு வாக்கியம்: "சுத்தம் செய்த ஆறு அல்லது ஏழு நாட்களுக்குள், மழை இல்லாத நாட்களிலும், நீர் நிரம்புவதால் இது தூர்வாருவதால் மட்டும் தீராத அமைப்புக் குறைபாடு எனக் கருதுகிறோம்." காய்ச்சலைப் பற்றிப் பெரிதாக எழுதவில்லை. சாக்கடையால்தான் காய்ச்சல் வந்தது என்பதற்கு நம்மிடம் ஆதாரம் கிடையாது, ஆதாரம் இல்லாத ஒரு வரி ஆதாரம் உள்ள பத்து வரியைச் சந்தேகப்பட வைக்கும்.

கடைசியில் ஒரு வேண்டுகோளும் சேர்த்தேன். பாலத்தின் அடியில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டாம், இயந்திரம் கொண்டு செய்யுங்கள் என்று. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. அதற்குப் பிறகும் மூடிய கழிவுநீர்க் குழிகளில் ஆட்கள் மூச்சுத்திணறிச் சாகிறார்கள். "யாராவது ஒருத்தரை இறக்கி எடுத்துட்டா முடிஞ்சுது" என்று தெருக்காரர்களே சொல்வது உண்டு. அந்த வார்த்தை என் கையால் எழுதிய மனுவில் இருக்கக் கூடாது என்பதில் நான் கடைசிவரை உறுதியாக இருந்தேன்.

ஆகஸ்ட் 20, திங்கட்கிழமை. நகராட்சித் தபால் பிரிவில் கொடுத்து, எங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம். முத்திரை இல்லாமல் மேசையில் வைத்துவிட்டு வருவது மனுக் கொடுத்ததாகவே ஆகாது. அதே நாள் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு பிரதி. அங்கே கம்ப்யூட்டரில் பதிந்து எண்ணோடு ரசீது கொடுத்தார்கள். அது கடைசியில் நகராட்சிக்குத்தான் வரும், ஆனால் பதில் சொல்ல வேண்டிய கடமையோடு வரும்.

அப்போது நகராட்சிகளில் கவுன்சிலர்களே கிடையாது. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான். வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று சொன்னால் காலையில் ஆள் வருகிற பழக்கத்தில் இருந்த மக்கள் அந்த வருஷங்களில் தவித்துப் போனார்கள். என் மேசைக்குச் சாக்கடை மனுக்கள் அவ்வளவு வந்தது அந்தக் காலத்தில்தான். வாயால் சொல்லித் தீர்ந்ததெல்லாம் தாளில் எழுத வேண்டியதாயிற்று.

இரண்டு வாரத்தில் ஓவர்சியர் வந்தார், பார்த்தார், மனுவில் சொன்னது சரி என்றார். பிறகு பதில் வந்தது. சாலையும் சிறுபாலமும் நகராட்சிக்குச் சொந்தமில்லை, வேறு துறையுடையது. மேலும் நிதி இல்லை. நிறைய மனுக்கள் இந்த இடத்தில்தான் செத்துப்போகும். மாநில நெடுஞ்சாலை ஊருக்கு நடுவே போகிற இடங்களில் தெருக் கால்வாய் ஒருவருடையது, அது கடக்கிற பாலம் இன்னொருவருடையது. தெருக்காரர்களுக்கு அது ஒரே சாக்கடை.

நாங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில். 2005-இல் அந்தச் சட்டம் வந்த பிறகு என் தொழிலே வேறாகிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அதில் "ஏன் சரிசெய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. ஏன் என்பது தகவல் அல்ல என்று சொல்லிவிடுவார்கள். இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டது இரண்டு: அந்தக் குடிநீர்க் குழாய் யாருடைய பணியில் பதிக்கப்பட்டது என்பதற்கான ஆவணம், எங்கள் மனுமீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல். வந்த பதிலில், குழாய் நகராட்சியின் குடிநீர்ப் பணியில் போட்டது என்று இருந்தது. பாலம் யாருடையதோ, அதை அடைக்கிற குழாய் நகராட்சியுடையது. அந்த ஒரு தாள் வந்த பிறகு சாலை எங்களுடையது அல்ல என்ற பேச்சு நின்றது.

நிதி இல்லை என்பதற்கு ரத்லம் நகராட்சி வழக்கை எடுத்துப் போனோம். மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊர்க்காரர்கள், திறந்த சாக்கடையும் துர்நாற்றமும் தாங்காமல் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆம் பிரிவில், பொதுத் தொல்லையை நீக்கும்படி நகராட்சிக்கு அவர் உத்தரவு போட்டார். செஷன்ஸ் கோர்ட் அதை ரத்து செய்தது, ஐகோர்ட் மீட்டது, நகராட்சி பணமில்லை என்று சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1980-இல் நீதியரசர் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, சட்டம் விதித்த கடமையைச் செய்யப் பணமில்லை என்பது சாக்காகாது என்று முடித்தது. எனக்குத் தெரிந்து சாக்கடைக்காக நடந்த போராட்டங்களில் தெருக்காரர்களுக்கு இவ்வளவு பயன்படுகிற தீர்ப்பு வேறில்லை. நம் பக்கம் அந்த 133-ஆம் பிரிவு அதிகாரம் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அதே பிரிவு 152 என்று எண் மாறியிருக்கிறது, பழைய எண்ணைப் போட்டு எழுதாதீர்கள்.

கோட்டாட்சியரிடம் மனுவாகவே கொடுத்தோம், வழக்காக இல்லை. தேதி அட்டவணை, படங்கள், முத்திரையிட்ட நகல், தகவல் சட்டப் பதில் எல்லாம் வரிசையாகத் தைத்திருந்தது. அவர் இரண்டு துறையையும் ஒரே நாளில் அந்த இடத்துக்கு வரச் சொன்னார். கூட்டு ஆய்வு நடந்தது. ஒருவர் அனுமதி கொடுப்பது, இன்னொருவர் வேலை செய்வது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்தானது.

அதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் சாலையைத் தோண்ட முடியாது. அந்த வருஷமும் அந்தத் தெரு தண்ணீரில்தான் நின்றிருக்க வேண்டும். நோட்டிலிருந்த ஆறு நாள் கணக்குதான் அவர்களைக் காப்பாற்றியது. துப்புரவு ஆய்வாளர் நல்ல மனிதர், அட்டவணையைப் பார்த்துவிட்டு, அந்தத் தெருவுக்கு மட்டும் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஆள் அனுப்பும்படி மேஸ்திரியிடம் சொல்லி வைத்தார். கனமழை பெய்த சில நாட்களைத் தவிர தண்ணீர் படியேறவில்லை. பிப்ரவரியில் குழாயைப் பாலத்துக்கு மேலே தூக்கிக் கட்டினார்கள். தொட்டி கட்டினார்கள். கம்பித் தடுப்புக்கு மதிப்பீட்டில் இடமில்லை என்று விட்டுவிட்டார்கள், அதைத் தெருக்காரர்களே பட்டறையில் சொல்லிச் செய்து வைத்தார்கள். அந்தத் தொட்டியை இன்றும் மாதம் ஒருமுறை அள்ளியாக வேண்டும். அள்ளாவிட்டால் அதுவும் அடைக்கும்.

இப்போது கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், வார்டு குழு, பகுதி சபை என்று கூட்டங்கள் வந்திருக்கின்றன, போனிலேயே புகார் பதியலாம். போனில் பதிகிற புகாரும் அள்ளியதும் முடித்து வைக்கப்படுகிறது, அதனால் அந்த எண்களையும் தேதியோடு எழுதி வையுங்கள். என்னிடம் இன்னும் சிலர் வருகிறார்கள், பெரும்பாலும் தீபாவளிக்கு முன்னே பின்னே, தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு. அப்போது எழுதுகிற மனுவால் அந்த வருஷத்துக்கு மண்வெட்டிதான் வரும். ஆய்வு, மதிப்பீடு, அனுமதி எல்லாம் நடந்து வேலை முடிய நாலைந்து மாதமாவது வேண்டும். உங்கள் தெருவில் கால்வாய் அடைத்துக்கொள்கிறது என்றால் கோடை முடிவதற்குள் வாசலோரம் இருக்கிற ஒருவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்துவிடுங்கள். என்றைக்கு அள்ளினார்கள், என்றைக்கு நிரம்பியது, அன்று மழையா இல்லையா என்று எழுதச் சொல்லுங்கள். மனுவை யார் வேண்டுமானாலும் எழுதித் தருவார்கள். அந்தத் தேதிகளை உங்கள் தெருக்காரர்தான் எழுத முடியும்.